குடியிருப்புக் குழுவில் பலகார விற்பனை: ஆர்டர் குவிந்தும் கையில் காசு நிற்காதது ஏன்?

தீபாவளிக்கு ஆறு வாரங்கள் இருக்கும்போதே அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில், அதாவது புலனக் குழுக்களில், முறுக்கு, அதிரசம், நெய் உருண்டைப் படங்கள் வரத் தொடங்கிவிடுகின்றன. பண்டிகை முடிந்த பிறகும் விற்பனை ஓய்வதில்லை. தோசை மாவு, நாசி லெமாக், ஊறுகாய், சேலை, மீன் என்று ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. விற்பவர்களில் பெரும்பாலோர் இல்லத்தரசிகள், தனித்து வாழும் தாய்மார்கள், பணி ஓய்வு பெற்றவர்கள்.

கடை வாடகை இல்லை. உணவு விநியோகச் செயலிகளுக்குக் கழிவு தர வேண்டியதில்லை. வாங்குபவர் பத்து மாடிக்குள் இருக்கிறார். இவ்வளவு வசதி இருந்தும் இரண்டு தீபாவளிக்குப் பிறகு “உழைப்புதான் மிச்சம்” என்று அடுப்பை அணைத்துவிடுபவர்கள் பலர். வாங்க ஆள் இல்லாததால் அவர்கள் நிறுத்தவில்லை. ஆர்டரை எடுத்த விதத்திலும் பணத்தை வாங்கிய விதத்திலும்தான் சிக்கல் இருக்கிறது.

“எனக்கு ரெண்டு போத்தல் அக்கா”

முதல் சிக்கல் பட்டியலில் தொடங்குகிறது. விற்பவர் குழுவில் படத்தைப் போட்டு, கீழே 1, 2, 3 என்று எண் போட்டு விடுவார். வாங்குபவர் அந்தப் பட்டியலை நகலெடுத்து, தன் பெயரைச் சேர்த்து மீண்டும் பதிவிட வேண்டும். இரவு எட்டு மணிக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் நகலெடுத்தால் இருவருமே 14ஆம் எண்ணில் தங்கள் பெயரை எழுதுவார்கள். அடுத்து வருபவர் அந்த இரண்டில் ஒன்றைத்தான் நகலெடுப்பார். மற்றவர் பெயர் சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். கொடுக்கும் நாளில், “நான்தான் முதலிலேயே சொன்னேனே” என்று அவர் வந்து நிற்பார். தவறு யாருடையது என்று அப்போது பேசிப் பயனில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் முகம் வாடிவிடும்.

இதற்குத் தீர்வு எளிது. குழுவில் அறிவிப்பு மட்டும் போட வேண்டும். ஆர்டரைத் தனிச் செய்தியில் வாங்க வேண்டும். பட்டியலை விற்பவர் மட்டுமே எழுத வேண்டும். அதையும் வந்த வரிசையில் எழுதாமல் புளோக், மாடி, வீட்டு எண் வாரியாக எழுதினால், கொடுக்கும் நாளில் ஒரே படிக்கட்டை மூன்று முறை ஏற வேண்டிய நிலை வராது. பெயர், வீட்டு எண், எத்தனை போத்தல், எவ்வளவு கட்டினார், மீதி எவ்வளவு என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும்.

இரண்டாவதாக, ஆர்டர் எடுப்பதற்கு ஒரு கடைசி நாள் வேண்டும். குழு விற்பனையில் பலரும் தவறவிடுவது இதைத்தான். “கேட்பவர்களுக்குக் கொடுக்கலாம்” என்று கூடுதலாகச் சுட்டு வைப்பது கடைக்குப் பொருந்தும். கடைக்குத் தெருவில் போகிறவரும் வருவார். குடியிருப்புக் குழுவில் இருப்பதோ அதே 150 குடும்பங்கள். அவர்களில் வாங்க நினைத்தவர்கள் முன்பே சொல்லியிருப்பார்கள். மிஞ்சிய பலகாரத்துக்குப் புதிய ஆள் எங்கிருந்தும் வரப்போவதில்லை.

ஒரு கணக்கு

பேச்சை விட்டு எண்ணுக்கு வருவோம். பொருள் விலை ஊருக்கு ஊர் மாறும் என்பதால், கீழே உள்ளதைக் கணக்குப் போடும் முறையைக் காட்டும் எடுத்துக்காட்டாக மட்டும் பார்க்கவும்.

ஓர் அக்கா முறுக்கு விற்கிறார். ஒரு போத்தலின் விலை 18 ரிங்கிட். மாவு, வெண்ணெய், எண்ணெய், ஓமம், எள் எல்லாம் சேர்த்து ஒரு போத்தலுக்கு 6 ரிங்கிட் ஆகிறது. எரிவாயு, மின்சாரம் 1 ரிங்கிட். போத்தல், ஒட்டும் தாள், பை 2 ரிங்கிட். ஆக, அடக்கம் 9 ரிங்கிட். “பாதிக்குப் பாதி லாபம்” என்றுதான் எவருக்கும் தோன்றும்.

குழுவில் 52 போத்தலுக்கு ஆர்டர் வருகிறது. யாரிடமும் முன்பணம் வாங்கவில்லை. கடைசி நேரத்தில் கேட்பார்கள் என்று கூடுதலாக எட்டு போத்தல் சேர்த்து 60 போத்தல் செய்கிறார். செலவு 540 ரிங்கிட். கொடுக்கும் நாளில் ஒருவர் ஊருக்குப் போய்விட்டார். இன்னொருவர் வீட்டில் மாமியார் பலகாரம் கொண்டு வந்துவிட்டார். வேறொருவர் “சம்பளம் வந்ததும் தருகிறேன்” என்று வாங்கிக்கொண்டு, பிறகு பேச்சையே எடுக்கவில்லை. இப்படி ஏழு போத்தலுக்குப் பணம் வரவில்லை. கூடுதலாகச் செய்த எட்டும் விற்கவில்லை. பணம் வந்தது 45 போத்தலுக்கு மட்டும். அது 810 ரிங்கிட். செலவு போக மிச்சம் 270 ரிங்கிட்.

இப்போது நேரத்தைப் பார்ப்போம். மாவு பிசைந்து, பிழிந்து, சுட்டு, ஆறவைத்து, அடைத்து, செய்திகளுக்குப் பதில் போட்டு, வீடு வீடாகக் கொடுத்ததில் அவருக்கு 30 மணி நேரம் போகிறது. மகள் உதவியது 10 மணி நேரம். மொத்தம் 40 மணி. 270 ரிங்கிட்டை 40ஆல் வகுத்தால் மணிக்கு 6 ரிங்கிட் 75 சென். நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 முதல் 1,700 ரிங்கிட். மணிக்கணக்கில் அது 8 ரிங்கிட் 72 சென். தீபாவளி வாரத்தில் இரவெல்லாம் அடுப்படியில் நின்றவருக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.

அதே அக்கா அடுத்த முறை வேறு விதமாகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தீபாவளிக்கு இரண்டு ஞாயிறு முன்பே ஆர்டரை முடித்துவிடுகிறார். ஒரு போத்தலுக்கு 9 ரிங்கிட் முன்பணம் கேட்கிறார். முன்பணம் என்றதும் நான்கு போத்தல் குறைந்து, ஆர்டர் 48 ஆகிறது. அந்த 48ஐ மட்டும் செய்கிறார். செலவு 432 ரிங்கிட். விற்பனை 864 ரிங்கிட். மிச்சமும் 432 ரிங்கிட். அதே வேகத்தில் செய்தால் 32 மணி நேரம். மணிக்கு 13 ரிங்கிட் 50 சென் வருகிறது.

செய்த பலகாரம் 12 போத்தல் குறைந்தது. கையில் நின்ற காசோ 162 ரிங்கிட் கூடியது. முன்பணம் ஏன் 9 ரிங்கிட் என்பதையும் கவனிக்க வேண்டும். அதுதான் ஒரு போத்தலின் அடக்கம். முன்பணம் அடக்கத்துக்குச் சமமாக இருந்தால் மாவும் எண்ணெயும் வாங்க வீட்டுப் பணத்தைத் தொட வேண்டாம். கடைசி நேரத்தில் ஒருவர் வராமல் போனாலும் உழைப்புக்குத்தான் நட்டம், கைக்காசு போகாது. அந்தப் போத்தலை வேறொருவருக்குக் கொடுத்தால் அந்த நட்டமும் இல்லை.

முன்பணம் கேட்டால் மனத்தாங்கல் வருமே என்பதுதான் பலரின் தயக்கம். ஒருவரிடம் மட்டும் கேட்டால் மனத்தாங்கல் வரும். அறிவிப்பிலேயே “முன்பணம் கட்டியவர்களுக்கு மட்டும் செய்யப்படும்” என்று எழுதி, சொந்தக்காரர் உட்பட எல்லாருக்கும் அதே விதி என்றால் யாரும் தனித்து நோக மாட்டார்கள்.

555 புத்தகம் செய்ததை இது செய்யாது

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு 555 கடன் புத்தகம் மறந்திருக்காது. தோட்டத்து மளிகைக் கடையில் அரிசி, பருப்பு, கருவாடு எல்லாம் அந்தச் சின்னப் புத்தகத்தில் எழுதித்தான் வாங்கினோம். அதே பழக்கத்தில்தான் இன்று குழுவிலும் “எழுதி வைத்துக்கொள்ளுங்கள் அக்கா” என்கிறோம்.

அன்று அந்தக் கடன் திரும்பி வந்ததற்குக் காரணம் இருந்தது. தோட்டம் முழுவதற்கும் சம்பள நாள் ஒன்று. அது எந்த நாள் என்பது கடைக்காரருக்கும் தெரியும். சம்பளம் வாங்கியவர் அந்தக் கடையைத் தாண்டித்தான் லயத்துக்குப் போக வேண்டும். அடுத்த மாத அரிசிக்கும் அதே கடைதான். அடுக்குமாடியில் ஒருவருக்கு 25ஆம் தேதி சம்பளம், இன்னொருவருக்கு மாதக் கடைசி, வேறொருவருக்கு நாள் கூலி. முறுக்குக் கடனை அடைக்காவிட்டால் அவர் வீட்டில் எதுவும் நின்றுவிடாது. விற்பவரோ தினமும் மின்தூக்கியில் அவரைப் பார்த்தாலும், 36 ரிங்கிட்டுக்காக முகத்தை முறித்துக்கொள்ள மாட்டார். ஆகவே குழுக் கடன் என்பது பெரும்பாலும் திரும்ப வராத கடன் என்று முதலிலேயே கணக்கு வைப்பதே சரி.

கடன் கொடுத்தே ஆக வேண்டிய குடும்பம் இருந்தால், ஒரு போத்தலை மனமாரச் சும்மா கொடுத்துவிடலாம். அது தர்மக் கணக்கில் போகும். வியாபாரக் கணக்கு குழம்பாது.

வங்கி வழியாகப் பணம் வாங்கும்போது இன்னொரு கவனம் தேவை. பணம் அனுப்பியதாக வரும் படத்தை நம்பிப் பெயரை ‘டிக்’ செய்யக்கூடாது. பழைய படத்தில் தேதியை மாற்றி அனுப்புபவர்களும் உண்டு. அனுப்ப மறந்துவிட்டு, அனுப்பியதாகவே நம்புபவர்களும் உண்டு. தன் வங்கிச் செயலியைத் திறந்து, பணம் வந்திருப்பதைப் பார்த்த பிறகே பெயருக்கு எதிரே குறிக்க வேண்டும். அனுப்புபவரைக் குறிப்புப் பகுதியில் வீட்டு எண்ணை எழுதச் சொன்னால் பாதி வேலை குறையும்.

குழு யாருடையது?

குடியிருப்புக் குழு விற்பவருக்காகத் தொடங்கப்பட்டதல்ல. தண்ணீர் தடை, மின்தூக்கிப் பழுது, பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றுக்காகத்தான் அது இருக்கிறது. ஒரே நாளில் நான்கு பேர் பத்துப் படம் போட்டால், நாளைக்குத் தண்ணீர் இருக்காது என்ற அறிவிப்பு அவற்றுக்கு அடியில் போய்விடும். பிறகு குழு நடத்துபவர் விற்பனையையே தடை செய்துவிடுவார். தாமாகவே கேட்டு, வாரத்தில் ஒரு நாள், ஒரு படம், ஒரு செய்தி என்று பேசி வைத்துக்கொள்வது விற்பவருக்கே பாதுகாப்பு. பல இடங்களில் வாங்குவதற்கும் விற்பதற்கும் என்று தனிக் குழுவே வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கட்டட நிர்வாகம் வேறு. 2013ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாகச் சட்டத்தின் கீழ், பொது இடங்களைப் பார்த்துக்கொள்வது கூட்டு நிர்வாகக் குழு அல்லது நிர்வாகக் கழகத்தின் பொறுப்பு. விதியை மீறுபவருக்கு 200 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கவும் அவர்களால் முடியும். நடைவழியில் அடுப்பு வைத்துச் சுடுவது, படிக்கட்டில் பெட்டிகளை அடுக்குவது, பாதுகாவலர் சாவடியை நம் கிடங்காக ஆக்குவது ஆகிய மூன்றும்தான் வழக்கமாகப் புகாரில் முடிகின்றன. “சனிக்கிழமை மாலை 5 முதல் 6 வரை, புளோக் பி கீழ்த்தளத்தில் வந்து வாங்கிக்கொள்ளவும்” என்று நிர்வாகத்திடம் சொல்லிவிட்டு ஒரு மணி நேரத்தில் முடித்தால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

சொல்லப்படாத புகார்

கடையில் வாங்கிய முறுக்கு காறிப்போயிருந்தால் நாம் கடைக்காரரிடம் கேட்போம். பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்க மாட்டோம். “நன்றாக இருந்தது” என்று சொல்லிவிட்டு அடுத்த முறை வாங்காமல் இருந்துவிடுவோம். குழுவில் விழும் கைதட்டல் படங்களை வைத்துத் தரத்தை எடைபோட முடியாததற்குக் காரணம் இதுதான். உண்மையைச் சொல்வது ஒரே ஒரு எண். முதல் முறை வாங்கிய 30 வீடுகளில் இரண்டாம் முறை எத்தனை வீடுகள் கேட்டன? பாதிக்கும் கீழே போனால் பலகாரத்தில் ஏதோ குறை இருக்கிறது.

முறுக்கில் அந்தக் குறை பெரும்பாலும் இரண்டு இடங்களில் வரும். சூடு ஆறுவதற்கு முன் மூடி போட்டால் உள்ளே நீராவி தங்கி, இரண்டு நாளில் மொறுமொறுப்பு போய்விடும். ஒரே எண்ணெயில் மேலும் மேலும் சுட்டால் முதல் நாள் வாசனை நன்றாகத்தான் இருக்கும். சில நாள் கழித்துக் காறல் தெரியும். ஆர்டர் முன்கூட்டியே முடிந்திருந்தால் கொடுக்கும் நாளுக்கு நெருக்கமாக, இரண்டு தவணையாகச் சுட முடியும். எண்ணெயை மாற்றும் செலவையும் விலையிலேயே சேர்த்துக்கொள்ளலாம்.

பதிவும் பெயர்த்தாளும்

“வீட்டில் செய்வதற்கு எதற்குப் பதிவு?” என்று கேட்பவர்கள் உண்டு. தீபகற்பத்தில் 1956ஆம் ஆண்டு வணிகப் பதிவுச் சட்டப்படி, வணிகம் தொடங்கிய 30 நாளுக்குள் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிய வேண்டும். சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 ரிங்கிட், வேறு வணிகப் பெயர் வைத்தால் 60 ரிங்கிட். மேலே பார்த்த கணக்கில் இது நான்கு போத்தலுக்கும் குறைவான விலை. இந்தியத் தொழில்முனைவோருக்கான தெக்குன் நேஷனலின் ஸ்பூமி கடன் போன்றவற்றுக்கு மனு செய்யும்போது, இந்தப் பதிவு இல்லாமல் போனவர்கள்தான் முகப்பிலேயே திருப்பி அனுப்பப்படுகிறார்கள்.

உணவு என்பதால் சுகாதார அமைச்சின் விதியும் உண்டு. 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைப்படி, விற்பனைக்கு உணவு தயாரிப்பவர் உணவு கையாளுநர் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும். தைஃபாய்டு தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். போத்தலில் அடைத்து விற்கும்போது பலகாரத்தின் பெயர், எடை, சேர்த்த பொருள்கள், செய்தவர் பெயர், முகவரி, காலாவதித் தேதி ஆகியவற்றைத் தாளில் எழுதி ஒட்ட வேண்டும். நிலக்கடலையும் பாலும் ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு அந்தத் தாள் மிக முக்கியம்.

மலாய்க்கார அண்டை வீட்டாரும் குழுவில் இருப்பார்கள், “ஹலாலா?” என்று கேட்பார்கள். ஜாக்கிம் அல்லது மாநில சமய அமைப்பின் சான்றிதழ் இல்லாமல் அந்தச் சொல்லையோ சின்னத்தையோ பயன்படுத்தக்கூடாது. ஆனால் என்னென்ன பொருள் சேர்த்தோம், அடுப்படியில் இறைச்சி சமைப்போமா இல்லையா என்று உள்ளதை உள்ளபடி சொல்வதற்குத் தடை இல்லை. முடிவு வாங்குபவருடையது.

வாங்குபவர் பக்கத்திலிருந்து பார்த்தாலும் பதிவுக்குப் பயன் இருக்கிறது. பணம் கட்டியும் பொருள் வராவிட்டால், பயனீட்டாளர் உரிமைக் கோரல் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் வழக்கறிஞர் இல்லாமலே மனு போடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. எதிர்த்தரப்பின் வணிகப் பெயரும் முகவரியும் கையில் இருந்தால்தான் அந்த மனு எளிதாக நகரும்.

முறுக்கிலிருந்து தங்கத்துக்கு

குழுவில் வளர்ந்த நம்பிக்கையைப் பிறர் பயன்படுத்திக்கொள்வதும் நடக்கிறது. முதலில் பலகாரம், அடுத்துக் குறைந்த விலையில் அரிசி மூட்டை, அதற்கடுத்துத் தவணையில் தங்கம், கடைசியில் “500 போட்டால் மாதம் இவ்வளவு” என்று பேச்சு மாறும். பொருள் விற்பதும் பணத்தைத் திரட்டுவதும் ஒன்றல்ல. குத்து நடத்துவதைத் தொழிலாகச் செய்வது 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

அடையாளம் கண்டுகொள்வது கடினமில்லை. விற்பவர் எந்த வீட்டில் இருக்கிறார் என்று குழுவில் யாருக்கும் தெரியாது. பணம் அவர் பெயரில் இல்லாத கணக்குக்குப் போகச் சொல்வார். முழுப் பணமும் இன்றே வேண்டும் என்பார். இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் நிறுத்திக்கொள்ள வேண்டும். கணக்கு எண்ணைக் காவல்துறையின் ‘செமாக் மியூல்’ அகப்பக்கத்தில் போட்டுப் பார்க்கலாம். அதில் பெயர் இல்லை என்பதால் மட்டும் நல்லவர் என்று பொருளில்லை. புதிதாகத் திறந்த கணக்கு அதில் இருக்காது. பணம் போய்விட்டது என்று தெரிந்த உடனே தன் வங்கிக்கோ 997 எண்ணுக்கோ அழைக்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் பணம் வேறு கணக்குகளுக்குப் போய்விடும்.

வரும் தீபாவளிக்கு முறுக்கு அச்சை எடுப்பவர்கள் அதற்கு முன் ஒரு மாலை உட்கார்ந்து மூன்றை எழுதி வைத்துக்கொள்ளலாம்: ஒரு போத்தலின் அடக்கம், அதற்குச் சமமான முன்பணம், ஆர்டர் முடியும் தேதி. இந்த மூன்றையும் முதல் அறிவிப்பிலேயே போட்டுவிட்டால், பண்டிகைக்குப் பிறகு யார் வீட்டுக் கதவையும் தட்டிப் பணம் கேட்க வேண்டியிருக்காது. வாங்குபவர்களும் முன்பணத்தை அக்காவின் மீதான அவநம்பிக்கைக்குப் பதிலடியாக நினைக்காமல், அவர் வாங்கப்போகும் மாவின் விலையாக நினைத்துக் கட்டலாம்.